முந்நூறு எழுத்தும் நானும்

என் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வந்தால் காதையும் சேர்த்து அறுத்து அனுப்புவேன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுத்ததில்லை. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சுவரில் ஒரு டிவி, தலை கழுவ ஒரு தொட்டி, வந்தவர்கள் காத்திருக்க ஒரு சோபா. இதுதான் என் கடை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கழுத்தில் துணி கட்டியிருக்கும், தலை ஈரமாக இருக்கும், எழுந்து ஓட முடியாது. பேசப் பிறந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. "ம்", "சரி", "பாக்கலாம்" என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டார். மீதிச் சொற்களையெல்லாம் நான்தான் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் பெரிய வாய் நான் இல்லை, என் மாமனார். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஆரம்பித்தால் சந்தையின் அடுத்த கோடியில் மூட்டை இறக்குகிறவன் கூடத் திரும்பிப் பார்ப்பான். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பின, பேச்சு திரும்பவில்லை. புத்தியெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியது உள்ளே தெரியும், வாய்க்கு வராது. ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிக்க ஒரு நிமிடம் ஆகும். "ஆமா, ஆமா" மட்டும் தடையில்லாமல் வரும். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதும் அதுவேதான் வரும்.

பகலில் அவரை வீட்டில் தனியே விட முடியாது என்பதால் கடைக்கே கூட்டி வந்துவிடுவேன். சோபாவின் ஜன்னலோர மூலை அவருடையது.

அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்ததில்தான் எனக்கு அந்த ஆசை பிடித்தது. பயிற்சியாளருக்கு உதவியாளராக வேலை செய்ய இரண்டு வருடப் படிப்பு ஒன்று இருக்கிறது. வேலை பார்க்கிறவர்களுக்கு அதில் பகுதிநேர இடமும் உண்டு. வயது வரம்பு நாற்பது. எனக்கு நாற்பது ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் விட்டால் அப்புறம் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்.

விண்ணப்பம் ஒரே இணையதளத்தில். அங்கே ஒரு முறை நிரப்பினால் நாம் தேர்ந்தெடுத்த ஐந்து நிறுவனங்களுக்கும் அதுவே போகும். பெயர், படிப்பு, சான்றிதழ் எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியாக நான்கு கேள்வி. ஏன் இந்தப் படிப்பு? ஒருவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் மாறிய தருணம் எது? குழுவாக வேலை செய்த அனுபவம் என்ன? வேலை, வீடு, படிப்பு மூன்றையும் எப்படிச் சமாளிப்பீர்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் முந்நூறு எழுத்து. இடைவெளியும் கணக்கில் சேரும். 'க்' என்று எழுதினால் புள்ளியைத் தனியாக எண்ணி இரண்டு என்கிறது. நான் ஒருத்தருக்கு வணக்கம் சொல்லவே முந்நூறு எழுத்து ஆகும்.

இருந்தாலும் நான் எழுதிவிட்டேன். ஒரு வாரம் மல்லுக்கட்டி எழுதி, வரைவாகச் சேமித்து வைத்திருந்தேன். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அன்று மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்த மகளிடம் மடிக்கணினியைப் பெருமையாக நீட்டினேன்.

"ஒரு தடவ படிச்சுட்டு அனுப்பிடு. எழுத்துப்பிழை மட்டும் பாரு. வேற எதுலயும் கை வைக்காத."

நாற்காலியில் பஸ் ஓட்டும் அக்கா இருந்தார். என் பழைய வாடிக்கை. விடுமுறை நாளில் சாயம் போட வந்திருந்தார். தலை முழுக்கச் சாயம் பூசி, அது ஊறட்டும் என்று நேரம் வைத்திருந்தேன். அவர் கண்ணாடி வழியே எங்கள் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் படித்தாள். முன்னோட்டம் என்கிற பொத்தானை அமுக்கி மறுபடி படித்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, சொத்தையைக் கண்ட பல் டாக்டர் ஞாபகம் வந்தது.

"அம்மா, முதல் பதில் பாதியில நிக்குது."

"நிக்கல. ரெண்டாவதுல தொடருது."

"என்னது?"

"கீழ பாரு. 'அன்று காலை அவர்' வரைக்கும் முதல் பெட்டி. 'பல் தேய்க்கும்போது கீழே விழுந்தார்'னு ரெண்டாவது பெட்டி. எடம் பத்தல, அடுத்ததுக்குப் போயிட்டேன். நாலையும் சேத்தா ஆயிரத்து எரநூறு எழுத்து. அதுல முழுக் கதையும் வந்துருச்சு. எப்படி என் மூளை?"

அக்கா கைதட்டினார். எனக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. முதல் பெட்டியில் மாமாவின் சந்தை, இரண்டாவதில் பக்கவாதம், மூன்றாவதில் ஆஸ்பத்திரி, நான்காவதில் பயிற்சியும் முடிவும். ஒரு நூல் பிசகாமல் கோத்திருந்தேன்.

மகள் கேள்விக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டத்தை அமுக்கினாள். அதை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளிருந்து இரண்டு வரி வந்தது. மகள் உரக்கப் படித்தாள்: "ஒவ்வொரு பதிலையும் வெவ்வேறு மதிப்பீட்டாளர் படித்து மதிப்பெண் இடுவார். ஒருவர் படிக்கும் பதிலைத் தவிர உங்கள் மற்றப் பதில்கள் அவருக்குக் காட்டப்படாது."

"அப்படின்னா?"

"அப்படின்னா, ரெண்டாவது கேள்வியப் படிக்கிறவங்களுக்கு 'பல் தேய்க்கும்போது கீழே விழுந்தார்'னு மட்டும்தான் தெரியும். யாரு விழுந்தான்னு தெரியாது. கேட்டு மாறின தருணம் எதுன்னு கேட்டா, ஒருத்தர் பல் தேய்க்கிறார்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயம் நெற்றியில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன், கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன்.

"இன்னொண்ணு," என்றாள் மகள். "வீட்டுப் பக்கத்துல இருக்கிற நிறுவனத்தத்தான் உயிரா நெனைக்கிறேன்னு பேரப் போட்டு எழுதிருக்க. இது அஞ்சு பேருக்கும் போகும்மா. அஞ்சு பேருக்கும் ஒரே காதல் கடிதம், அதுல ஒருத்தன் பேரு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் வீட்டில் இருப்பவர் மேல் பாயும். "நீ இத ஏன் போன வாரமே சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னேன். கேள்விக்குப் பக்கத்துல குறிப்பு இருக்கு, படின்னு சொன்னேன். நீ அப்ப பேசிக்கிட்டு இருந்த."

சோபாவிலிருந்து மாமா, "ஆமா, ஆமா," என்றார். இந்த முறை அது ஆமாதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை நடுவில், கையுறையோடு, சாயக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வார உழைப்பு போய்விட்டதே என்று அழவில்லை. நாற்பது வயதில் முதல் முறையாக எனக்காக ஒன்று கேட்கிறேன், அதைக் கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லையே என்றுதான் அழுதேன்.

அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எதுக்கு இப்ப அழற? என் தலையில கேக்காமயே நாலு விரக்கடை வெட்டுவ. உன் வார்த்தையில ஒரு விரக்கடை வெட்ட மாட்டியா? உக்காரு. எடு கத்தரிக்கோல."

உட்கார்ந்தேன். மகள் தனியாக ஒரு பக்கம் திறந்து, எழுத்து எண்ணிக்கை காட்டும்படி வைத்துக்கொண்டாள். பெட்டியில் நேரடியாக எழுதினால், கை வைக்காமல் கொஞ்ச நேரம் விட்டாலே தளம் நம்மை வெளியே தள்ளிவிடும், எழுதியதும் போய்விடும். வெளியில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டினால் முந்நூறுக்கு மேல் உள்ளதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதனால் ஒட்டிய பிறகு கடைசி வார்த்தை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இந்த அறிவெல்லாம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிச்சயமாக நான் பேசிய நேரத்தில் வந்ததில்லை.

மூன்றாவது கேள்விதான் முதலில் முடிந்தது. குழு வேலை என்றதும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, பள்ளி நாடகத்துக்கு ஒரே காலையில் முப்பது பிள்ளைகளுக்குத் தலை அலங்காரம் செய்ததைச் சொன்னேன். அக்கா வாசலில் வரிசை பிடிக்க, மகள் கொண்டை ஊசி எடுத்துக் கொடுக்க, மாமா ஒவ்வொரு தலையாகப் பார்த்து இடது கையால் சரி, சரியில்லை என்று காட்ட, ராஜா முதல் மரம் வரை எல்லாரையும் நேரத்துக்கு மேடை ஏற்றினோம். சொல்ல ஆரம்பித்தால் ஒரு நாள் ஆகும். மகள் நான்கு வாக்கியம் எழுதினாள். மரமாக நடித்த பிள்ளை அழுததை வெட்டினாள். எனக்கு மனசே இல்லை.

"இரண்டாவது?" என்றாள்.

"கேட்டு மாறின தருணம்," என்று அக்கா இழுத்தார். "இவ கேட்டதா? இவளா?"

எனக்குத் தெரியும் அது எதுவென்று. நான்காவது பெட்டியின் கடைசியில், இடமில்லாமல் அரைகுறையாக அதைத் திணித்து வைத்திருந்தேன். உண்மையில் நான் எழுத வேண்டியது அது ஒன்றுதான்.

ஆரம்பித்தேன். மகள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இரும்மா. தாத்தாகிட்டக் கேட்டியா?"

"என்னன்னு?"

"அவரப் பத்தி எழுதலாமான்னு."

கேட்கவில்லை. ஒரு வாரமாக அவர் வாழ்க்கையை நான்கு பெட்டியில் அடைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுந்து போய் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, ஒங்களுக்குப் பேச்சு போனது, நான் டிவி போட்டது, அதையெல்லாம் இதுல எழுதலாமா? தெரியாத ஆளுங்க படிப்பாங்க."

"ஆமா, ஆமா," என்றார் உடனே. அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

அவர் நெற்றி சுருங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. இடது கையால் முழங்காலில் தட்டினார். எனக்கு நாக்கு நுனியில் ஐந்து வார்த்தை வந்து நின்றது. வெட்கமா மாமா? வேண்டாமா? பேரைப் போடக் கூடாதா? ஒன்றையும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாயத்துக்கு வைத்த மணி கிணுகிணு என்று அடித்தது. யாரும் அசையவில்லை. அக்கா கையை நீட்டி அதை அணைத்துவிட்டு, "என் முடி எங்கயும் ஓடிடாது," என்று மெதுவாகச் சொன்னார்.

"சந்..." என்றார் மாமா. "சந்தை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போடு."

மகள் மடிக்கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பு தாங்காமல். சம்மதமாம். ஆனால் சந்தை இருக்க வேண்டுமாம். ஆளைக் கெட்ட காலத்தில் மட்டும் காட்டாதே, யார் என்று சொல்லிவிட்டுக் காட்டு என்கிறார். நியாயம்தானே? முந்நூறு எழுத்து அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஏலக்காரர் இறங்கி வருவாரா?

"போடுறேன் மாமா," என்றேன்.

அக்காவின் தலையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே சொல்லச் சொல்ல மகள் தட்டினாள். நான்கு முறை வெட்டினோம். கடைசியில் வந்தது இதுதான்:

"சந்தையில் ஏலம் விட்ட என் மாமனாருக்குப் பேச்சு போனது. ஒரு வருடம் மதியம்தோறும் டிவி போட்டேன். 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டு, நானே 'பிடிக்கும்' என்றேன். ஒரு நாள் வாயை மூடிக் காத்திருந்தேன். 'டிவி வேண்டாம்' என்றார். அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன், டிவியையும் பதில் சொல்வதையும்."

"இருபத்துச் சொச்சம் எழுத்து மிச்சம் இருக்கு," என்றாள் மகள் நம்ப முடியாமல். என் வாழ்க்கையில் வார்த்தை மிச்சமானது அதுதான் முதல் தடவை. அதை எதையாவது போட்டு நிரப்பக் கை பரபரத்தது. நிரப்பவில்லை.

அந்த ஒரு வருடத்தில் அவருக்கு நான் போட்டது சமையல் நிகழ்ச்சி. வாழ்நாள் முழுக்கக் காய்கறிக்கு நடுவில் நின்ற மனிதர், ஓய்வு காலத்தில் மறுபடியும் தினம் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

நான்காவது கேள்வி, எப்படிச் சமாளிப்பீர்கள். எனக்கு அதற்குப் பதிலே தெரியவில்லை. வகுப்பு சாயங்காலம் வாரத்துக்கு மூன்று நாள். அந்த நேரத்தில் மாமாவை யார் பார்ப்பது, உலை யார் வைப்பது? "நான் உழைப்பாளி, எதையும் தாங்குவேன்" என்று எழுதச் சொன்னேன். "எப்படின்னு கேட்டிருக்கான், நீ யாருன்னு கேக்கல," என்றாள் மகள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"ஏங்க, நான் படிக்கப் போனா வீட்ட எப்படிங்க சமாளிக்கிறது? ஒங்களால முடியாதுன்னு தெரியும், ஒங்க ஷிப்ட் முடியவே ராத்திரி ஆயிடும், அதுக்குத்தான் நான் என்ன நெனச்சேன்னா..."

மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நிறுத்தினேன். போனில் லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்.

"காலை ஷிப்ட் வாங்கிட்டேன்."

"எப்ப?"

"போன மாசம். அடுத்த மாசத்துலேர்ந்து நாலு மணிக்கு வந்துருவேன். அப்பாவப் பாத்துக்கறேன். சமைக்கிறேன். நீ படி."

"போன மாசமேவா? ஏங்க சொல்லல?"

"நீ எங்க பேச விட்ட?"

கடையே அதிரச் சிரித்தோம். மாமாதான் அதிகம் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. எனக்குச் சிரித்த வாய் அப்படியே அழுகையாகக் கோணிக்கொண்டது. இத்தனை வருடம் இந்த மனிதருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதையே எடுத்து, "என் கணவர் அடுத்த மாதம் காலை ஷிப்டுக்கு மாறுகிறார், வகுப்பு நாள்களில் மாமனாரையும் சமையலையும் அவர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினோம். கடையை அந்த மூன்று நாள் சீக்கிரம் சாத்துவேன் என்று சேர்த்தோம். அவ்வளவுதான் பதில்.

முதல் பதிலை நானே தட்டினேன். "வார்த்தை தேடும் மனிதருக்கு அவசரப்படாத ஒருவர் பக்கத்தில் வேண்டும். நான் அவசரக்காரி. மாறக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை முறையாகக் கற்க வருகிறேன்." நிறுவனத்தின் பெயர் எதுவும் இல்லை. யார் படித்தாலும் அவருக்கே எழுதியது போல இருந்தது.

நான்கையும் ஒட்டி, கடைசி வார்த்தைகளைச் சரிபார்த்து, முன்னோட்டத்தில் ஒவ்வொரு பதிலையும் மற்றதை மறைத்துக்கொண்டு படித்தோம். மகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "நான் இப்ப வேற ஆளு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு படித்தாள். நான்கும் தன் காலில் நின்றது. உறுதிமொழியில் குறியிட்டு அனுப்பினேன். இனி மாற்ற முடியாது, சம்மதமா என்று தளம் கேட்டது, சரி என்றேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா காசைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். சாயம் அதிக நேரம் ஊறி, பழுப்புக் கேட்டவருக்குக் கத்தரிப்பூ நிறம் வந்திருந்தது. "பஸ்ஸுல எல்லாரும் எறங்காம என்னையே பாக்கப் போறாங்க," என்று சந்தோஷமாகவே கிளம்பினார்.

நேர்காணலுக்கு வீட்டுப் பக்கத்து நிறுவனத்திலிருந்துதான் முதலில் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் என் கோப்பைத் திறந்தார்.

"உங்க ரெண்டாவது பதிலுக்கு மார்க் போட்டவ நான். மத்த மூணையும் இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன். ஏலம் விட்டவர்னு எழுதியிருந்தீங்க. அவரப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்கணும்னு அப்பவே தோணுச்சு." கோப்பை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மீதியச் சொல்லுங்க."

என்னைப் பார்த்து "மீதியச் சொல்லு" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "போதும்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள். இடையில் அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் அது முடியும்வரை காத்திருந்தேன்.

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று எல்லாரும் வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் அடுப்படியில் இருந்தார், காலை ஷிப்டு முடிந்து வந்தவர். மகள் தளத்தில் நுழைந்து பார்த்துவிட்டு என்னிடம் திரையைத் திருப்பினாள். நான் படித்தேன், மறுபடி படித்தேன். அப்புறம் மாமா முன்னால் போய் உட்கார்ந்து, "எடம் கெடச்சிருச்சு மாமா," என்றேன். இவ்வளவு சின்னதாக நான் எந்த நல்ல செய்தியையும் சொன்னதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஆமா, ஆமா" வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இடது கை மெதுவாக மேலே போனது, சந்தையில் தூக்குவது போல.

"ஒரு... தரம்," என்றார்.

வீட்டுக்காரர் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு தரம்."

அதற்குப் பிறகு நின்றுவிட்டது. கை மேலேயே இருந்தது. கண் எங்கேயோ உள்ளே தேடியது. அடுத்த வார்த்தை உலகத்துக்கே தெரியும். வீட்டுக்காரரின் வாய், வாழ்க்கையில் முதல் முறையாக முந்திக்கொள்ளத் திறந்தது. நான் கையைத் தூக்கி அவரை நிறுத்தினேன். மகள் மூச்சு விடவில்லை. அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, வழியட்டும் என்று விட்டோம். நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயை மூடிக் காத்திருந்தேன், அந்த நிமிடம் அவருடையது.

கை இறங்கி நாற்காலிப் பிடியில் ஓங்கி அடித்தது.

"மூணு தரம்!"

அடுத்த வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.